நள்ளிரவில் வந்த சரக்கு: அவசரத்துக்குக் கைகொடுத்தவருக்கு நன்றி சொல்லும் முறை

அவசரமாகக் கேட்ட சரக்கை உரிய நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தவருக்கு நன்றி சொல்வது ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. சரக்கு இறங்கிய நிமிடத்தில் தொடங்கி, அதற்கான பில் பட்டுவாடா ஆகி, அடுத்த பருவத்துக்கான ஏற்பாடு பேசி முடிக்கும்வரை அது நீளும். இடையில் எந்தக் கட்டத்தில் சறுக்கினாலும் முதல் நாள் சொன்ன நன்றி வெறும் உபசார வார்த்தையாகிவிடும். இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே செல்கிறது. எடுத்துக்காட்டாக, செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் ஓடும் ஒரு நடுத்தர புழுங்கல் அரிசி மில்லை வைத்துக்கொள்ளலாம். அந்த மில்லும் கீழே வரும் நிகழ்ச்சியும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. ஆனால் தை மாதத்தில் செஞ்சி வட்டாரத்து மில்களில் இப்படி ஓர் இரவு வருவது புதிதல்ல.

சம்பா அறுவடை நெல் வரத்தொடங்கிவிட்டால் மில் இரவு பகலாக ஓடும். உமியை நீக்கும் ஷெல்லரில் இரண்டு ரப்பர் ரோல்கள் எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. அந்த வேக வித்தியாசம்தான் நெல்லின் மேலுறையை உரித்தெடுக்கிறது. வேகமாகச் சுழலும் ரோல் சீக்கிரம் தேயும். அதனால் பாதி ஆயுளில் இரண்டையும் இடம் மாற்றிப் போடுவார்கள். ரப்பர் தேய்ந்துவிட்டால் உரிபடாத நெல் கூடும். அதைச் சரிக்கட்ட இடைவெளியை இறுக்கினால் குருணை கூடும். மிஷின் ஓட்டுபவர் கையில் அள்ளிப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார்.

எடுத்துக்காட்டு மில்லில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு ரோல் தேய்ந்துபோனது. மாற்று ஜோடி அறையில் இருந்தது. ஆனால் அது இரண்டு பருவமாக வெயில் படும் ஜன்னலோரம் கிடந்ததில் ரப்பர் இறுகி, மேலே வெடிப்பு விட்டிருந்தது. தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருந்தது. ஊறிய நெல்லை அவிக்காமல் விட்டால் புளித்த வாடை ஏறும், அரிசியின் நிறம் மங்கும். அவித்தாலோ, உலர்ந்த நெல் தேங்கி நிற்கும் கிடங்கில் இடமில்லை. ஆக, ஷெல்லர் நின்றால் அதன் பின்னால் உள்ள எல்லாமே நிற்கும். செங்குன்றத்தில் உள்ள உதிரிபாக வியாபாரிக்குப் போன் போனது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தவர் திரும்பி வந்து கிடங்கைத் திறந்தார். வேறொரு மில்லுக்கு எடுத்துவைத்திருந்த 4 ஜோடியை இந்தப் பக்கம் திருப்பி, தன் சொந்த வண்டியில் ஏற்றி அனுப்பினார். 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அதிகாலை 3.40க்கு வண்டி மில் வாசலில் நின்றது.

முதல் நன்றி சரக்கை இறக்கும் விதத்தில் தெரிய வேண்டும். இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்தவரை, லோடுமேன் வரவில்லை என்று வாசலில் காக்கவைக்கக் கூடாது. வண்டி திண்டிவனம் தாண்டும்போதே டிரைவரிடம் பேசி, இறக்க ஆளை நிறுத்தியிருக்க வேண்டும். இறக்கிய பிறகு அவர் படுக்க இடம், காலையில் டிபன், கையில் பேட்டா. ஊர் திரும்பியதும் முதலாளி டிரைவரிடம்தான் முதலில் கேட்பார்: “எப்படிக் கவனிச்சாங்க?” அதற்கு அவர் சொல்லும் பதிலைப் பின்னால் வரும் எந்தக் கடிதமும் மாற்ற முடியாது.

வியாபாரிக்கும் அன்று தூக்கம் சரியாக இருந்திருக்காது. வண்டி சேர்ந்ததா, சைஸ் சரியாக இருந்ததா என்ற கவலை அவருக்கு உண்டு. ஆகவே முதல் செய்தி அவர் கவலையைத் தீர்க்கும் தகவலாக இருக்க வேண்டும். அதில் அலங்காரம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் இப்படி நாலு வரி போதும்:

“அண்ணே, வணக்கம். வண்டி 3.40க்கு வந்து சேர்ந்தது. 4 பெட்டியும் எண்ணி இறக்கியாச்சு. முதல் ஜோடி மாட்டி 5.30க்கு ஷெல்லர் ஓட ஆரம்பிச்சிடுச்சு. டிரைவர் தம்பி தூங்குறார், டிபன் கொடுத்து அனுப்புறோம். மதியம் நானே பேசுறேன்.”

இதில் “சரக்கு எல்லாம் சரியாக இருக்கிறது” என்ற வரி வேண்டுமென்றே இல்லை. எண்ணியது 4 பெட்டி, மாட்டிப் பார்த்தது ஒரு ஜோடி. அவ்வளவுதான் அந்த நேரத்தில் தெரியும். மகிழ்ச்சியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சான்று கொடுத்துவிட்டால், பிறகு குறை தெரியவரும்போது வாய் திறக்க முடியாமல் போகும். தெரிந்ததை மட்டும் சொன்ன செய்திக்கு நம்பிக்கை அதிகம்.

மதியம் செய்ய வேண்டிய அழைப்பை மில் உரிமையாளரே செய்ய வேண்டும். இரவு போன் செய்தது மேலாளராக இருந்திருக்கலாம். ஆனால் உதவி கேட்கும்போது மேலாளர், நன்றி சொல்லும்போதும் மேலாளர் என்றால், உதவியின் கனம் உரிமையாளருக்குத் தெரியவில்லை என்று பொருளாகும். அழைப்பு நீள வேண்டியதில்லை. அதில் ஒரு கேள்வி மட்டும் அவசியம்: ராத்திரி யார் யார் கூட இருந்தார்கள்? கிடங்கில் பெட்டி எடுத்துக்கொடுத்த பையன், பில் போட வந்த கணக்குப்பிள்ளை, வண்டி ஓட்டியவர் என்று பெயர்கள் வரும். அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கடிதத்துக்கு அவை தேவைப்படும். இந்த அழைப்பில் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. “அப்படியே அந்த எலிவேட்டர் பெல்ட்டும் என்ன விலைன்னு பாருங்க” என்று அடுத்த ஆர்டரைச் செருகினால், அதுவரை சொன்ன நன்றி அந்த ஆர்டருக்கான முன்னுரையாகிவிடும். பெல்ட் நாளைக்குக் காத்திருக்கலாம்.

கடிதம் மூன்று நாட்களுக்குள் போக வேண்டும். பேச்சில் சொன்னதையே எழுத்தில் ஏன் சொல்வது என்று தோன்றலாம். பேச்சு முதலாளியோடு நின்றுவிடும். காகிதம் கடை ஊழியர் எல்லோர் கைக்கும் போகும். மில்லின் லெட்டர்பேடில், உரிமையாளர் கையெழுத்தோடு, ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“அன்புடையீர், வணக்கம். கடந்த வெள்ளி இரவு 8.15க்கு எங்கள் மேலாளர் தங்களை அழைத்து 10 அங்குல ரப்பர் ரோல் 4 ஜோடி கேட்டார். கடை மூடிய பிறகும் தாங்கள் கிடங்கைத் திறந்து, சொந்த வண்டியில் அனுப்பி, அதிகாலை 3.40க்குச் சேர்ப்பித்தீர்கள். தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த நெல் கெடாமல் அன்றே அவிக்கப்பட்டது. மாற்று ரோலைச் சரியாகப் பாதுகாக்காதது எங்கள் தவறு. அதனால் தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். பெட்டிகளை எடுத்துக்கொடுத்த கிடங்குத் தம்பிக்கும், பில் போட்டவருக்கும், டிரைவருக்கும் எங்கள் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறோம். இத்துடன் பில் தொகை முழுவதும் வங்கி வழியாக அனுப்பப்பட்டுள்ளது.”

உண்மைக் கடிதத்தில் ‘கிடங்குத் தம்பி’ என்ற இடத்தில் அவர் பெயரே இருக்க வேண்டும். நேரம், எண்ணிக்கை, அதனால் நடந்த காரியம் ஆகிய மூன்றும் இருப்பதால் இந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. “தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி, தொடர்ந்து ஆதரவு தர வேண்டுகிறோம்” என்ற வகைக் கடிதமோ யாருக்கும் அனுப்பலாம். பெறுகிறவருக்கு அது தெரியும். தவறு யாருடையது என்று சொல்லும் வரியைப் பலர் எழுதத் தயங்குவார்கள். ஆனால் அவசரம் தன் பக்கத்துக் கவனக்குறைவால் வந்தது என்று மில் ஒப்புக்கொண்டால்தான், இது வழக்கமாகிவிடுமோ என்ற வியாபாரியின் பயம் அடங்கும். நட்டம் தவிர்ந்ததைப் பணக்கணக்கில் சொல்லாமல், கெடாமல் தப்பிய நெல்லாகச் சொல்வது பாங்கு. இத்தனை லட்சம் மிச்சம் என்று எழுதினால், அதில் தன் பங்கு எவ்வளவு என்று எந்த வியாபாரிக்கும் தோன்றும்.

கடிதத்தின் கடைசி வரிதான் எல்லாவற்றிலும் கனமானது. இரவு போனில் “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, அனுப்புங்க” என்று சொன்ன வாய், பில் வந்ததும் “வண்டி வாடகை கொஞ்சம் அதிகமா இருக்கே” என்று பேரம் பேசுவது பல மில்களில் நடப்பதுதான். அந்தச் சில நூறு ரூபாய்க் குறைப்பில் அடுத்த இரவு கதவு திறக்காமல் போகும். இரவு வண்டிக்கான கூடுதல் தொகையைப் பில்லிலேயே தனி வரியாகப் போடச் சொல்லி, வரியோடு சேர்த்து முழுதாகக் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. தனியாகக் கையில் கொடுத்தால் கணக்கில் வராது. அடுத்த முறை எவ்வளவு என்பதற்கும் ஆதாரம் இருக்காது.

பில் தாமதமாவதற்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமல்ல. அவசர ஆர்டருக்குக் கொள்முதல் ஆணை எழுதியிருக்க மாட்டார்கள். ஆணை எண் இல்லாத பில்லைக் கணக்காளர் ஓரமாக வைத்துவிடுவார். யாரும் கேட்காவிட்டால் அது அங்கேயே இருக்கும். ஆகவே சனிக்கிழமை காலையிலேயே, வாய்மொழி ஆர்டரை உறுதிசெய்யும் ஆணை ஒன்றை அன்றைய தேதியிட்டு எழுதி, கணக்காளர் மேசையில் வைத்துவிட வேண்டும். முன்தேதி போடக் கூடாது. வெள்ளி இரவு போனில் கேட்டது என்று குறிப்பு எழுதினால் போதும். இதே வியாபாரிக்குப் பழைய பாக்கி இருந்தால் முதலில் அது தீர வேண்டும். மூன்று மாதப் பாக்கியை வைத்துக்கொண்டு எழுதும் நன்றிக் கடிதத்தை எந்த வியாபாரியும் சிரிக்காமல் படிக்க மாட்டார்.

பணம் கொடுக்கும் கெடுவுக்குச் சட்டமும் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டிய தொகையை அது உண்மையில் கொடுக்கப்பட்ட ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். வாய்மொழியாகக் கேட்ட அவசர ஆர்டருக்கு ஒப்பந்தம் ஏதும் இருக்காது என்பதால், பெரும்பாலும் 15 நாள் கெடுவே பொருந்தும்.

ஆனால் எடுத்துக்காட்டில் வரும் செங்குன்றத்துக்காரர் ரோலைத் தயாரிப்பவர் அல்ல, வாங்கி விற்பவர். 2021 ஜூலையில் மத்திய அரசு வணிகர்களையும் உதயம் பதிவுக்குள் கொண்டுவந்தபோது, அதன் பலனை வங்கிகளின் முன்னுரிமைக் கடனோடு நிறுத்திக்கொண்டது. தாமதப் பட்டுவாடாவுக்கான பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மூன்றாம் நாளே முழுப் பணம் வந்தால், அதன் மதிப்பு அவருக்குத் தெரியும்.

செலவை ஈடுசெய்வதும் அதற்கு மேல் நன்றியாகத் தருவதும் இரு வேறு விஷயங்கள். உலகத் தொழில் வரலாற்றில் இதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி ஜப்பானில் நடந்தது. 1997 பிப்ரவரி 1 அதிகாலையில் கரியா நகரில் ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பின்சக்கர அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஓர் ஆலையில்தான் தயாரானது. கையிருப்பு மிகக் குறைவு. டொயோட்டாவின் கார் உற்பத்தி நின்றுபோனது. 60க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், தையல் மிஷின் செய்யும் பிரதர் உட்பட, விலை பேசாமலே அந்த வால்வைச் செய்யத் தொடங்கின. சில நாட்களிலேயே கார்கள் மீண்டும் வெளிவரத் தொடங்கின. பிறகு, வால்வு செய்ய ஆன நேரடிச் செலவை ஐசின் ஏற்றுக்கொண்டது. அதோடு டொயோட்டா தன் முதல்நிலைச் சப்ளையர்களுக்கு, அந்த ஜனவரி முதல் மார்ச் வரை அவர்கள் தனக்கு விற்ற மதிப்பில் 1 சதவீதத்தைத் தானாகவே கொடுத்தது. அவர்களில் பலர் தங்களுக்குக் கீழே உதவியவர்களுக்கும் அதே போலப் பகிர்ந்தனர். நன்றித் தொகை கீழ்நிலையில் உதவியவர்கள்வரை இறங்கியதுதான் இதில் கவனிக்க வேண்டியது. செலவு முதலில் முழுதாகத் தீர்ந்தது, அன்பளிப்பு அதற்குப் பிறகு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிங்கவரத்து மில்லுக்கு 1 சதவீதக் கணக்கெல்லாம் தேவையில்லை. ஊர் வழக்கப்படி புது அரிசியில் ஒரு மூட்டை அனுப்பலாம். அவர் அனுப்பிய ரோலில் உரித்த அரிசி என்ற பொருத்தமும் அதில் இருக்கிறது. உடனே அனுப்பினால் கூலி போலத் தோன்றும். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் நினைவு போலத் தோன்றும். கடை ஊழியர்களுக்கு எதுவும் கொடுப்பதானால் முதலாளிக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டும். அவர் அறியாமல் கொடுத்தது, தங்கள் சரக்கை முன்னால் தள்ளிவிடக் கொடுத்ததாகவே பார்க்கப்படும். வாங்குபவர் அரசு அலுவலகமாகவோ, அறநிலையத் துறைக் கோயிலாகவோ இருந்தால் அன்பளிப்புப் பேச்சே கூடாது. அங்கே கடிதமும், உரிய நாளில் பணமும் மட்டுமே நன்றி.

இதற்கிடையில் ஒரு சிக்கல் வரலாம். பத்து நாள் கழித்து மூன்றாவது ஜோடியைப் பிரித்தால், அது இந்த மிஷினுக்குப் பொருந்தாத வேறு சைஸ் என்று தெரிகிறது. நன்றி சொல்லியாயிற்றே என்று மூடிவைப்பதும் தவறு, நன்றியைத் திரும்பப் பெறுவதுபோலச் சீறுவதும் தவறு. பெட்டி மேலுள்ள எண்ணையும் ரோலையும் படம் எடுத்து, “அவசரத்தில் ஒரு பெட்டி மாறி வந்திருக்கிறது, அடுத்து வண்டி இந்தப் பக்கம் வரும்போது மாற்றிக்கொள்ளலாம், இப்போது வேலை நிற்கவில்லை” என்று தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும். கொடுத்த பணத்தை நிறுத்திவைக்கவோ, அடுத்த பில்லில் தானாகக் கழிக்கவோ கூடாது. அவர் கிரெடிட் நோட் தருவார் அல்லது ஜோடியை மாற்றித் தருவார். இருட்டில், தனியாளாக எடுத்துக்கொடுத்த சரக்கில் ஒரு பெட்டி மாறுவது இயல்பு.

உறவு உண்மையில் பலப்படுவது, இரண்டு மூன்று வாரம் கழித்து, வரத்து சற்றுத் தணிந்த பிறகு நடக்கும் நேர்ச் சந்திப்பில். அப்போது கேட்க வேண்டியது, அன்று இரவு அவருக்கு என்னென்ன இடைஞ்சல் ஆனது என்பது. வேறு மில்லுக்கு எடுத்துவைத்த சரக்கைத் திருப்பிவிட்ட கதை அப்போதுதான் தெரியவரும். அந்த மில்லுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்ட மில், அடுத்த பருவத்துக்கான எதிர்பார்ப்பை மார்கழியிலேயே சொல்லிவிட முடியும்: என்ன சைஸ், எத்தனை ஜோடி, எந்த வாரம். ஷெல்லர் ஓடிய மணிநேரத்தையும் ரோல் மாற்றிய தேதியையும் மிஷின் ஓட்டுபவர் ஒரு நோட்டில் எழுதிவந்தால் இந்த எண்ணிக்கையை ஊகிக்க வேண்டியதில்லை. இரவில் யாரை அழைப்பது, எத்தனை மணிக்கு மேல் அழைக்கக் கூடாது, இரவு வண்டிக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி முடிக்கலாம்.

நிறைய வாங்கி அடுக்கிவிட்டால் அவசரமே வராதே என்று தோன்றும். செஞ்சிக் கோட்டையில் நெடுங்காலத் தேவைக்குத் தானியம் நிரப்பிவைக்கக் கட்டிய களஞ்சியங்களை இன்றும் பார்க்கலாம். தானியத்துக்கு அது சரி. ரப்பர் ரோல் அப்படிப்பட்ட பண்டம் அல்ல. வெயிலும் சூடும் பட்டால் இறுகும், நாள்பட்டாலே மெல்ல இறுகும். ஆகவே மில்லில் ஓரிரு ஜோடிக்கு மேல் வைப்பதில் பயனில்லை. அதையும் நிழலில் வைத்து, வாங்கிய தேதியைச் சாக்பீஸால் எழுதி, பழையதை முதலில் எடுக்க வேண்டும். மீதி இருப்பு வியாபாரியின் கிடங்கில்தான் இருக்க முடியும். ஒரு மில்லுக்காக அவர் கூடுதலாக ஒரு ஜோடி வைத்திருக்கச் சம்மதித்தால், பருவம் முடிவதற்குள் அதை வாங்கிக்கொள்வதாக மில் எழுதிக் கொடுப்பது நியாயம்.

பக்கத்து மில்காரர்களிடம் அவரைப் பற்றிச் சொல்வதும் நன்றிதான். ஆனால் “எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார்” என்று சொல்வது அவருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. நல்ல சரக்கு, சொன்ன சைஸ், நேரான பில் என்று சொன்னால் பகல்நேர வாடிக்கையாளர்கள் வருவார்கள். அவருக்கு வேண்டியதும் அவர்கள்தான்.

அடுத்த பருவத்தில் இன்னோர் இரவு போன் போகலாம். அவர் ஊரில் இல்லை, வண்டி இல்லை, இரவு முடியாது என்று அப்போதே சொல்லிவிடலாம். அதற்கும் நன்றி உண்டு. இழுத்தடிக்காமல் 8.30க்கே மறுத்ததால்தான், 9 மணிக்குள் திண்டிவனத்திலோ ஆரணியிலோ வேறு இடம் தேட முடிகிறது. மறுநாள் காலை, ரோல் வேறு இடத்தில் கிடைத்துவிட்டது, மில் ஓடுகிறது என்று அவருக்கு ஒரு வரி அனுப்பிவிட வேண்டும்.